‘சேவை மனப்பான்மை உள்ளவர்கள் தேவை’: நர்ஸ் வேலை விளம்பரம் 75 விநாடி வீடியோவாக மாறுவது எப்படி?

‘சேவை மனப்பான்மையுடன் சுழற்சி முறையில் பணியாற்ற விருப்பமுள்ளவர்கள் அசல் சான்றிதழ்களுடன் நேரில் வரவும்.’

இந்த வரியை ஒரு முறை சத்தமாகப் படித்துப் பாருங்கள். பேப்பரில் இருக்கும்போது உறுத்தாத வரி, வாயால் சொல்லும்போது பஸ் ஸ்டாண்ட் அறிவிப்பு மாதிரி ஆகிவிடும். ஆனாலும் நர்ஸ் தேடும் சின்ன மருத்துவமனைகள் பல, பேப்பரில் கொடுத்த விளம்பரத்தை அப்படியே ஒருவர் கையில் கொடுத்து, கேமரா முன் நிற்க வைத்து, படிக்கச் சொல்லித்தான் ‘ரெக்ரூட்மென்ட் வீடியோ’ எடுக்கின்றன. பின்னணியில் ஒரு புல்லாங்குழல் இசை. ட்ரோனில் கட்டடம். நிறுவனர் கையசைக்கிறார்.

அப்புறம் ஏன் யாரும் போன் பண்ணவில்லை என்று யோசிக்கிறார்கள்.

மொழியை மட்டும் மாற்றினால் போதும், ‘வரவும்’ என்பதை ‘வாங்க’ என்று ஆக்கினால் வீடியோ ஆகிவிடும் என்று நினைத்தால் அது பாதிதான். எழுத்துத் தமிழை பேச்சுத் தமிழாக மாற்ற உட்கார்ந்தால், விளம்பரம் இதுவரை எதையெல்லாம் சொல்லாமல் மறைத்தது என்பது ஒவ்வொன்றாக வெளியே வரும். அதுதான் இந்த வேலையில் உண்மையான கஷ்டம். ஒரு உதாரணத்தை எடுத்து, வரி வரியாகச் செய்து பார்ப்போம்.

அந்த விளம்பரம்

டெல்டா மாவட்டத்தில் தாலுகா தலைநகர் அளவுள்ள ஒரு ஊர். அங்கே 40 படுக்கை கொண்ட தனியார் மருத்துவமனை. பொது வார்டில் 30 படுக்கை, ஐசியுவில் 4, பிரசவ வார்டில் 6. மொத்தம் 30 நர்ஸ்கள் இருக்க வேண்டிய இடத்தில் 22 பேர்தான் இருக்கிறார்கள். எட்டு இடம் காலி. (ஊரும் கணக்கும் விளக்கத்துக்காக நாம் வைத்துக்கொண்டவை. விளம்பரத்தின் வாசகம் நீங்கள் எங்கும் பார்க்கிற வகைதான்.)

‘பிரபல பல்நோக்கு மருத்துவமனைக்கு அனுபவமிக்க செவிலியர்கள் (பெண்கள்) உடனடியாகத் தேவை. கல்வித் தகுதி: ஜிஎன்எம் / பிஎஸ்சி நர்சிங். முன் அனுபவம் உள்ளவர்களுக்கும் திருமணமாகாதவர்களுக்கும் முன்னுரிமை. தகுதிக்கும் அனுபவத்திற்கும் ஏற்ப சிறந்த ஊதியம் வழங்கப்படும். தங்குமிடம், உணவு வசதி உண்டு. சேவை மனப்பான்மையுடன் சுழற்சி முறையில் பணியாற்ற விருப்பமுள்ளவர்கள் அசல் சான்றிதழ்களுடன் நேரில் வரவும்.’

இதில் ‘வழங்கப்படும்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். எழுத்துத் தமிழில் இப்படி எழுதினால் யார் வழங்குவார் என்று சொல்லத் தேவையில்லை. எவ்வளவு, எப்போது என்றும் யாரும் கேட்க மாட்டார்கள். பேச்சில் இந்த வசதி கிடையாது. நம் வீட்டில் யாரும் ‘சாப்பாடு வழங்கப்படும்’ என்று சொல்வதில்லை. பேசும்போது ‘நாங்க சம்பளம் குடுக்கறோம்’ என்றுதான் வரும். அப்படிச் சொன்ன அடுத்த நொடியே ‘எவ்ளோ?’ என்ற கேள்வியும் தானாக வந்து நிற்கும். பதில் சொல்லாமல் அந்த வாக்கியத்தை முடிக்கவே முடியாது.

‘சிறந்த’, ‘பிரபல’, ‘ஏற்ப’, ‘முன்னுரிமை’ எல்லாமே இதே கதைதான். ஸ்கிரிப்ட் எழுதுபவர் முதலில் செய்ய வேண்டியது இந்தச் சொற்களைச் சிவப்பு மையில் வட்டம் போடுவது. ஒவ்வொரு வட்டமும் மருத்துவமனை நிர்வாகத்திடம் கேட்க வேண்டிய ஒரு கேள்வி. பதில் கிடைக்கும் வரை ஸ்கிரிப்ட்டில் ஒரு வரிகூட எழுத வேண்டாம்.

‘சுழற்சி முறை’ என்றால் மாதத்துக்கு எத்தனை நைட்?

வேலை தேடும் நர்ஸுக்கு ‘சுழற்சி முறையில் பணி’ என்பது ஒரு தகவலே இல்லை. மருத்துவமனை என்றால் ஷிஃப்ட் இருக்கும், அது அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரிய வேண்டியது வேறு. மாதத்துக்கு எத்தனை நைட் டியூட்டி? நைட்டில் எத்தனை பேஷன்ட்டுக்கு எத்தனை பேர்? டியூட்டி டாக்டர் உள்ளேயே இருப்பாரா, போன் போட்டு எழுப்ப வேண்டுமா?

நம் உதாரண மருத்துவமனையின் மேலாளரிடம் கேட்டால் சட்டென்று சொல்வார்: “மாசம் ஆறு நைட்டுதாங்க.”

இதை அப்படியே எழுதிவிடாதீர்கள். ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். நைட்டில் பொது வார்டுக்கு 3 பேர், ஐசியுவுக்கு 2 பேர், பிரசவ வார்டுக்கு ஒருவர். ஆக ஒரு ராத்திரிக்கு 6 பேர். 30 ராத்திரிக்கு 180 டியூட்டி. முப்பது நர்ஸ்களும் இருந்தால் ஆளுக்கு 6 நைட். மேலாளர் சொன்னது சரிதான். ஆனால் இப்போது இருப்பது 22 பேர். 180-ஐ 22-ஆல் வகுத்தால் 8-க்குக் கொஞ்சம் மேலே வருகிறது. யாராவது லீவு போட்டால் ஒன்பதாகும்.

அதாவது ‘மாசம் ஆறு நைட்’ என்பது எட்டுப் பேரும் சேர்ந்த பிறகுதான் உண்மையாகும். முதலில் சேருகிறவருக்கு அது பொய். அவர் வந்த மாதமே எட்டு நைட் பார்ப்பார், ‘ஏமாத்திட்டாங்க’ என்று நினைப்பார், இரண்டாவது மாதம் கிளம்பிவிடுவார். அவர் கிளம்பினால் மிச்சம் இருப்பவர்களுக்கு நைட் இன்னும் கூடும். ஆள் இல்லாததால் வேலை கூடுவதும், வேலை கூடுவதால் ஆள் போவதும் சின்ன மருத்துவமனைகளில் பெரும்பாலும் இப்படித்தான் சுற்றிச் சுற்றி நடக்கிறது. அதற்கு ஒரு வீடியோவும் துணை போகலாம்.

அப்போ என்ன சொல்வது? இருப்பதைத்தான். ‘இப்ப இருபத்திரண்டு பேர்தான் இருக்கோம், அதனால எட்டு நைட் வருது. இன்னும் எட்டுப் பேர் வந்தா ஆறாகும்.’ நிர்வாகம் முகம் சுளிக்கும். “இதைச் சொன்னா யாரு வருவாங்க?” என்பார்கள். ஆனால் அந்த ஊர் நர்ஸிங் மாணவர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் அந்த மருத்துவமனை நைட் டியூட்டி பற்றி ஏற்கெனவே பேசி முடித்திருப்பார்கள். வீடியோ அதை ஒப்புக்கொண்டால், அதில் சொல்லும் மற்ற விஷயங்களையும் நம்ப ஒரு காரணம் கிடைக்கும். எதற்காக ஆள் எடுக்கிறார்கள் என்ற கேள்விக்கும் இதே வரி பதில் சொல்லிவிடுகிறது. ‘உடனடியாகத் தேவை’ என்பதைப் படித்தால் வருகிற சந்தேகம் (‘ஏன் இவ்வளவு அவசரம், எல்லாரும் ஓடிட்டாங்களா?’) இங்கே வராது.

30 படுக்கைக்கு 3 பேர் என்பதும் பெருமைப்படும் எண் கிடையாது. வார்டு நிறைந்திருந்தால் ஆளுக்குப் பத்து பேஷன்ட். மருந்து, ட்ரிப்ஸ், நோட்ஸ், அட்டெண்டர்களின் கேள்வி எல்லாம் சேர்ந்தால் உட்கார நேரம் இருக்காது. அதையும் எண்ணாகவே சொல்லுங்கள். ‘அன்பான பணிச்சூழல்’ என்று மூடினால், அனுபவமுள்ள நர்ஸுக்கு அதன் அர்த்தம் நன்றாகத் தெரியும். ‘நாங்க எல்லாரும் ஒரு குடும்பம் மாதிரி’ என்பது அதைவிட ஆபத்தான வரி. கூடுதல் நேர வேலைக்குக் காசு கேட்கக் கூடாது என்று அது கேட்பவர் காதில் விழும்.

சம்பளம்: ஒரு எண்ணா, இரண்டா?

‘தகுதிக்கும் அனுபவத்திற்கும் ஏற்ப’ என்ற வரிக்கு வருவோம். நிர்வாகங்கள் இதை விரும்புவதற்குக் காரணம் இருக்கிறது. ஏற்கெனவே வேலை செய்பவருக்குக் கொடுப்பது வெளியே தெரிந்துவிடும், பக்கத்து மருத்துவமனை ஐந்நூறு ரூபாய் கூட்டிக் கூப்பிடும் என்ற பயம். ஆனால் எண் இல்லாத வீடியோவைப் பார்க்கும் நர்ஸ், சம்பளம் குறைவு என்றே எடுத்துக்கொள்வார்.

இங்கே ஒரு பின்னணி தெரிந்திருப்பது நல்லது. தனியார் மருத்துவமனை நர்ஸ்களின் சம்பளம், பணிச்சூழல் பற்றி ஆராய ஒரு குழு அமைக்கும்படி 2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. அந்தக் குழு படுக்கை எண்ணிக்கையை வைத்து சம்பளத்தைப் பரிந்துரைத்தது. 200 படுக்கைக்கு மேல் இருந்தால் அரசு நர்ஸுக்கு இணையான சம்பளம். அளவு குறையக் குறைய கொஞ்சம் தளர்வு. ஆனால் 50 படுக்கைக்குக் குறைவான மருத்துவமனையிலும் மாதம் ரூ.20,000-க்குக் கீழே போகக் கூடாது என்றது. இது பரிந்துரை. நடைமுறைப்படுத்துவது மாநிலங்களின் கையில். கேரளத்தில் நர்ஸ்கள் வேலைநிறுத்தம் வரை போன பிறகு, 2018 ஏப்ரலில் அங்கே குறைந்தபட்சம் ரூ.20,000 என்று அரசாணையே வந்தது. இன்று வேலை தேடும் நர்ஸ்கள் பலருக்கு இந்த 20,000 என்ற எண் மனப்பாடம். நம் 40 படுக்கை மருத்துவமனை அதற்குக் கீழே ஒரு எண்ணைத் திரையில் போட்டால் கமெண்ட்டில் முதலில் வருவது இதுவாகத்தான் இருக்கும்.

சரி, ஃப்ரெஷருக்கு 20,000 என்று நிர்வாகம் சொல்லிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். வேலை முடியவில்லை. கையில் எவ்வளவு வரும்? பிஎஃப் பிடித்தம், சட்டப்படியான உச்சவரம்பான ரூ.15,000 மீது 12 சதவீதம் என்றால் ரூ.1,800. இஎஸ்ஐ, மொத்த சம்பளத்தில் 0.75 சதவீதம், அதாவது ரூ.150. மீதி ரூ.18,050. (அரையாண்டுக்கு ஒரு முறை பிடிக்கும் தொழில் வரி தனி.) முதல் மாதச் சம்பளம் அக்கவுண்டில் விழும்போது வருகிற ‘என்னடா இது, ரெண்டாயிரம் குறையுது?’ என்ற அதிர்ச்சியை வீடியோவிலேயே தீர்த்துவிடலாம். ‘சம்பளம் இருபதாயிரம், பிடித்தம் போக கையில பதினெட்டாயிரத்துச் சொச்சம்.’ இரண்டு எண். பிஎஃப் பிடிக்கிறார்கள் என்பதும் இதிலேயே தெரிந்துவிடுகிறது. பல சின்ன மருத்துவமனைகளில் அது இல்லை என்பதால், அது தனியாக ஒரு ப்ளஸ் பாயிண்ட்.

‘திருமணமாகாதவர்களுக்கு முன்னுரிமை’: வெட்டுங்கள்

இந்த வரியைப் பேச்சுத் தமிழாக மாற்றிப் பாருங்கள். ‘கல்யாணம் ஆகாதவங்களா இருந்தா நல்லது.’ ஒரு சீனியர் நர்ஸ் கேமராவைப் பார்த்து இதைச் சொன்னால் எப்படி இருக்கும்? அவருக்கே கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள் இருக்கலாம்!

இது கேட்க அசிங்கம் என்பதோடு முடிவதில்லை. ராணுவ நர்ஸிங் பிரிவில் இருந்த ஒரு பெண், திருமணம் செய்துகொண்டார் என்பதற்காக 1988-ல் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதை அப்பட்டமான பாலினப் பாகுபாடு என்று சொல்லி, அவருக்கு ரூ.60 லட்சம் இழப்பீடு கொடுக்க மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. அது அரசு வேலை, இது தனியார் விளம்பரம் என்று சட்டப் பேச்சு பேசலாம். ஆனால் அந்தத் தீர்ப்பை ஒரு நர்ஸ்தான் வாங்கினார் என்பதை இந்தத் துறையில் இருப்பவர்கள் மறக்க மாட்டார்கள்.

‘(பெண்கள்)’ என்ற அடைப்புக்குறிக்கும் இதே சோதனை. ஏன் என்று கேளுங்கள். பெரும்பாலும் வருகிற பதில், “ஹாஸ்டல் லேடீஸுக்கு மட்டும்தாங்க இருக்கு.” அப்படியானால் சொல்ல வேண்டியது அதைத்தான். பிரதர்ஸ் வரலாம், வெளியே தங்க வேண்டும், அதற்கு அலவன்ஸ் இவ்வளவு. ஐசியுவிலும் ஆண்கள் வார்டிலும் அவர்கள் இல்லாமல் சிரமப்படுகிற மருத்துவமனை, ஒரு அடைப்புக்குறியால் அவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கிறது.

‘அசல் சான்றிதழ்களுடன்’: பயத்தைக் கிளப்பும் இரண்டு சொற்கள்

விளம்பரம் எழுதியவர் ஒன்றும் நினைத்து எழுதியிருக்க மாட்டார். சரிபார்க்க ஒரிஜினல் வேண்டும், அவ்வளவுதான். ஆனால் நர்ஸிங் முடித்தவர்களிடையே ‘ஒரிஜினலை வாங்கி வெச்சுக்குவாங்க’, ‘ரெண்டு வருஷம் பாண்ட்’ என்ற பேச்சு நீண்ட காலமாக உண்டு. சான்றிதழ் மாட்டிக்கொண்டால் வெளிநாட்டு வேலைக்கும் போக முடியாது, எம்ஆர்பி மூலம் அரசு வேலை வந்தாலும் சரிபார்ப்புக்குத் திண்டாட வேண்டும். அதனால் இந்த வரியைப் படித்தாலே பலர் அடுத்த வீடியோவுக்குத் தள்ளிவிடுவார்கள்.

நிர்வாகத்திடம் நேராகக் கேளுங்கள்: ஒரிஜினலை வைத்துக்கொள்வீர்களா? ‘ஆமாம்’ என்றால் அந்த வழக்கத்தை நிறுத்தச் சொல்லுங்கள். ஸ்கிரிப்ட் எழுதுபவர் சொல்லிக் கேட்பார்களா என்றால், சில நேரம் கேட்பார்கள். கேமரா முன்னால் சொல்ல முடியாத வழக்கம் என்பது அப்போதுதான் அவர்களுக்கே உறைக்கும். ‘இல்லை’ என்றால் அதை அப்படியே வீடியோவில் வாக்காகக் கொடுக்கலாம்.

விளம்பரத்தில் விட்டுப்போன ஒரு தகுதியையும் இங்கே சேர்க்க வேண்டும். படித்து முடித்தால் மட்டும் போதாது, தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தில் பதிவு வேண்டும். நர்ஸ்கள் இதை ‘கவுன்சில் ரிஜிஸ்ட்ரேஷன்’ என்பார்கள். ரிசல்ட் வந்து பதிவுக்குக் காத்திருப்பவர்கள் இப்போதே பேசலாமா, பதிவு எண் கையில் வந்த பிறகுதானா என்பதை நிர்வாகம் முடிவு செய்து சொல்ல வேண்டும். இல்லையென்றால் போன் அழைப்புகளில் பாதி இந்தச் சந்தேகமாகவே இருக்கும்.

யார் பேசுவது, எப்படிப் பேசுவது?

நிறுவனர் வேண்டாம். அங்கே இரண்டு மூன்று வருடமாக வேலை பார்க்கும் ஒரு நர்ஸ் பேசட்டும். ஆனால் ஒரு எச்சரிக்கை. ‘நீ பேசும்மா’ என்று முதலாளி சொன்னால் மறுப்பது கஷ்டம். அதனால் விருப்பம் உள்ளவர் யார் என்று பொதுவாகக் கேட்பது, அவர் வேலையை விட்டுப் போனால் வீடியோவை எடுத்துவிடுவதாக எழுதிக் கொடுப்பது, தனக்குத் தெரியாததைச் சொல்லச் சொல்லாமல் இருப்பது, மூன்றையும் செய்துவிட வேண்டும்.

அவர் கையில் ஸ்கிரிப்ட்டைக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்லாதீர்கள். ‘இன்டர்வியூவுக்கு வந்தப்ப நீங்க என்ன கேட்டீங்க?’, ‘போன வாரம் நைட் எப்படிப் போச்சு?’ என்று கேட்டு, பதிலை ரெக்கார்ட் செய்யுங்கள். அதை எழுதி எடுத்து, சுருக்கி, எண்களைச் சரிபார்த்து, அவரிடமே திருப்பிக் கொடுங்கள். அவர் ‘ஓவர் குடுத்துட்டுப் போவேன்’ என்றால் ‘பணியை ஒப்படைத்துவிட்டு’ என்று திருத்த வேண்டாம். ‘சிஸ்டர்’, ‘டியூட்டி’, ‘ஆஃப்’ எல்லாம் அவர் தினமும் பேசும் தமிழ். ‘செவிலியர்’ எழுத்தில் அழகான சொல்தான், ஆனால் வார்டில் யாரும் யாரையும் அப்படிக் கூப்பிடுவதில்லை.

எதிர்ப்பக்கமும் வழுக்கும். ‘வணக்கம் மக்களே’, ‘வெள்ளை உடை தேவதைகளே’ என்று ஆரம்பிக்கும் ஸ்கிரிப்ட்கள் வருகின்றன. தேவதை என்று சொன்னால் நைட் அலவன்ஸ் கேட்க மாட்டார்கள் என்று யாரோ நினைத்திருக்கிறார்கள் போல.

நீளத்தைப் பொறுத்தவரை, நிமிடத்துக்கு நூறு சொற்களைத் தாண்டினால் பேசுபவர் மூச்சு வாங்க ஆரம்பிப்பார். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. எண்களை ஸ்கிரிப்ட்டில் எழுத்தால் எழுதுங்கள் (‘பதினெட்டாயிரத்துச் சொச்சம்’), திரையில் மட்டும் இலக்கத்தில் போடுங்கள் (‘ரூ.18,050’). பஸ்ஸில் சத்தம் இல்லாமல் பார்ப்பவர்களுக்கு அந்த இலக்கங்கள்தான் வீடியோ.

மாறிய ஸ்கிரிப்ட்

0–7 விநாடி. நர்ஸிங் ஸ்டேஷன். பேசுபவர் கேமராவைப் பார்க்கிறார்.
“இன்டர்வியூக்கு வந்தப்ப நான் முதல்ல கேட்டது சம்பளம் இல்ல. நைட்ல எத்தனை பேர் இருப்போம்னுதான்.”

7–22. காலி வார்டு. திரையில்: 30 படுக்கைக்கு 3 பேர், ஐசியு 4-க்கு 2 பேர்.
“இது நாப்பது பெட் ஆஸ்பத்திரி. ஜெனரல் வார்டுல முப்பது பெட்டுக்கு நைட்ல மூணு பேர். ஐசியுல நாலு பெட்டுக்கு ரெண்டு பேர். டியூட்டி டாக்டர் ராத்திரி முழுக்க உள்ளயே இருப்பாங்க. டெங்கு சீசன்ல வார்டு நிறைஞ்சிடும், அப்ப கஷ்டம்தான்.”

22–36. டியூட்டி ரோஸ்டர், பெயர்கள் மறைக்கப்பட்டு.
“இப்ப இருபத்திரண்டு பேர்தான் இருக்கோம். அதனால மாசம் எட்டு நைட் வருது. இன்னும் எட்டுப் பேர் வந்தா ஆறாகும். அதுக்குத்தான் இந்த வீடியோவே.”

36–48. திரையில்: ரூ.20,000 / கையில் ரூ.18,050.
“ஃப்ரெஷருக்கு இருபதாயிரம். பிஎஃப், இஎஸ்ஐ போக கையில பதினெட்டாயிரத்துச் சொச்சம். ஐசியு அனுபவம் இருந்தா இருபத்தஞ்சுல இருந்து.”

48–60. ஹாஸ்டல் அறை, எப்போதும் இருப்பது போலவே.
“ஹாஸ்டல் அடுத்த தெருவுல, வாடகை இல்ல. ரூமுக்கு மூணு பேர். பிரதர்ஸுக்கு ஹாஸ்டல் இல்ல, அதுக்கு அலவன்ஸ் மூவாயிரம்.”

60–75. மீண்டும் நர்ஸிங் ஸ்டேஷன். திரையில் போன் எண், கடைசித் தேதி.
“கவுன்சில் ரிஜிஸ்ட்ரேஷன் வேணும். ஒரிஜினலப் பாத்துட்டு அப்பவே குடுத்துடுவாங்க. பாண்ட் கிடையாது, யாருக்கும் காசு கட்ட வேணாம். இந்த நம்பருக்கு வாட்ஸ்அப் பண்ணுங்க.”

‘சேவை மனப்பான்மை’ எங்கே போனது? தேவைப்படவில்லை. ‘உணவு வசதி’யும் இல்லை. விசாரித்தால், கேன்டீன் உண்டு, காசு கொடுத்துச் சாப்பிட வேண்டும் என்று தெரிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது வசதிப் பட்டியலில் சேராது. கடைசி வரியில் இருக்கும் ‘காசு கட்ட வேணாம்’ என்பதை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் வெட்டக் கூடாது. நல்ல வேலை வீடியோவைக் கட் செய்து, தங்கள் நம்பரைப் போட்டு, ‘பதிவுக் கட்டணம்’ வசூலிக்கும் ஏமாற்று ஆட்கள் இருக்கிறார்கள்.

ஷூட்டிங்கில் நர்ஸ்களின் கண்ணுக்குத் தெரிவது

சாதாரணப் பார்வையாளருக்குத் தெரியாத தவறுகள் நர்ஸ்களுக்கு ஒரே நொடியில் தெரியும். ஊசி போட்ட பிறகு மூடியைத் திருப்பிப் போடுவது, பயன்படுத்திய ஊசியை வெள்ளை நிற ஊசிக் கலனில் போடாமல் மஞ்சள் பையில் போடுவது, கையுறை இல்லாமல் ரத்தம் எடுப்பது. இப்படி ஒரு ஷாட் போதும், கமெண்ட் முழுக்க அதுவாகவே இருக்கும். ‘அங்க இன்ஃபெக்‌ஷன் கன்ட்ரோல் இப்படித்தான் போல’ என்று வேலைக்கு வர நினைத்தவரும் தயங்குவார். அதனால் எடிட் முடிந்ததும் வார்டு இன்சார்ஜ் ஒரு முறை பார்த்துவிடட்டும்.

நோயாளிகளை எடுக்கவே வேண்டாம். முகம் மட்டும் இல்லை, கட்டிலில் தொங்கும் கேஸ் ஷீட், மானிட்டரில் ஓடும் பெயர், ஒயிட்போர்டில் எழுதிய பெட் லிஸ்ட் எல்லாம் ஃப்ரேமுக்குள் வந்துவிடும். போனில் பாஸ் செய்து பெரிதாக்கினால் படிக்க முடியும். அதனால்தான் மேலே உள்ள ஸ்கிரிப்ட்டில் காலி வார்டு. நிறைந்த வார்டு கிடைக்கும் நாளில் நடைபாதையில் எடுத்தாலும் போதும்.

போனை எடுப்பவர்

வீடியோ வெளியான பிறகு, அதைப் பார்த்துவிட்டு ஒருவர் அந்த எண்ணுக்கு ‘சம்பளம் வீடியோல சொன்ன மாதிரிதானா?’ என்று வாட்ஸ்அப் செய்கிறார். ரிசப்ஷனில் இருப்பவர் வீடியோவையே பார்த்திருக்க மாட்டார். பழைய பழக்கத்தில் ‘நேர்ல வாங்க, பேசிக்கலாம்’ என்று பதில் போடுவார். அத்தோடு எல்லாம் முடிந்தது. எனவே ஸ்கிரிப்ட்டின் ஒரு பிரதி, எண்களுக்கு அடிக்கோடிட்டு, போன் வைத்திருக்கும் மேஜையில் ஒட்டப்பட வேண்டும்.

எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதை நிர்வாகம் ஆசையாகக் கேட்கும். அதைவிட உபயோகமான கணக்கு, கூப்பிட்டவர்கள் என்ன கேட்டார்கள் என்பது. பத்துப் பேரில் ஆறு பேர் ‘வீக்லி ஆஃப் உண்டா?’ என்று கேட்டால், ஸ்கிரிப்ட்டில் அது விட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம். (மேலே உள்ளதில் உண்மையிலேயே இல்லை. 60-வது விநாடிக்கு முன்னால் ஒரு வரி சேர்க்க இடம் இருக்கிறது.)

நான்கு பேர் சேர்ந்ததும் வீடியோ பழசாகிவிடும். 26 பேர் என்றால் 180 டியூட்டிக்கு ஆளுக்கு ஏழு நைட் வரும். ‘இப்ப எட்டு நைட்’ என்ற வரியை அப்படியே ஓட விடாமல், அந்த 14 விநாடியை மட்டும் புதிதாக எடுத்து ஒட்ட வேண்டும். அதைப் பேச, புதிதாகச் சேர்ந்த நான்கு பேரில் விருப்பம் உள்ளவர் யாராவது இருக்கிறாரா என்று கேட்டுப் பாருங்கள்.